கணவரின் கடன் மனைவியின் சம்பளத்தைத் தொடுமா?

கேள்வி: என் கணவர் இரண்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாயும் தனிநபர் கடனில் 3,20,000 ரூபாயும் பாக்கி. நான் எதிலும் கையெழுத்திடவில்லை. அவருடைய சேமிப்புக் கணக்கில் 70,000 ரூபாய் இருக்கிறது, ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. பி.எஃப். பணம் வரவேண்டும், நாமினி நான்தான். சம்பளத்திலிருந்து கட்டு, இல்லையென்றால் நகையை அடகு வை என்று வசூல் முகவர் மிரட்டுகிறார். நான் கட்டித்தான் ஆகவேண்டுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை, சகோதரி. உங்கள் நகை உங்கள் சொத்து. அதன்மீதும் அவர்களுக்கு உரிமை இல்லை. இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்துதான் பொறுப்பு. அதில் உங்கள் கைக்கு வந்த அளவைத் தாண்டி வாரிசான உங்களிடம் கேட்க முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகள் சொல்கின்றன. இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு; நீங்கள் இடவில்லை.

ஸ்கூட்டர் 40,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பையும் சேர்த்தால் 1,10,000 ரூபாய். மொத்தக் கடன் 5,00,000 ரூபாய். மீதி 3,90,000 ரூபாய் வங்கியின் நஷ்டம், உங்களுடையதன்று. நாமினிக்குச் சேரும் பி.எஃப். பணம் இந்தக் கணக்கிலேயே வராது; இறந்த உறுப்பினரின் கடன்கள் அதைப் பற்றாதபடி சட்டம் காத்துவைத்திருக்கிறது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். ஸ்கூட்டரை விற்றால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த சொத்து என்ன ஆயிற்று என்று நீதிமன்றத்தில் காட்ட முடியாவிட்டால், அந்த மதிப்பு வரைக்கும் உங்கள் சொந்தப் பணத்திலிருந்தே வசூலிக்க 52ஆம் பிரிவு வழிவிடுகிறது. சுலபத் தவணை என்று சொல்லி முகவர் நீட்டும் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். அது உங்கள் பெயரில் புதிய கடனாகிவிடலாம்.

தனிநபர் கடன் கொடுத்தபோது காப்பீட்டுப் பிரீமியம் பிடித்தார்களா என்று கடன் கணக்கு அறிக்கையில் பாருங்கள். பிடித்திருந்தால், அந்தக் கடனைக் காப்பீடே தீர்க்கக்கூடும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பிறகு இறப்புச் சான்றிதழின் நகலுடன் வங்கிக்குக் கடிதம் கொடுத்து, கார்டை முடக்கச் சொல்லி, ஒப்புகை வாங்குங்கள். முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கவே கூடாது. மிரட்டுவதற்கு எந்த நேரத்திலும் அவருக்கு உரிமை இல்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்.

வங்கி வழக்குத் தொடுத்துச் சம்மன் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல், ஸ்கூட்டர் ரசீதோடும் கணக்கோடும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் ஆஜராகாவிட்டால் உங்கள் கணக்கை யாரும் பார்க்காமலே தீர்ப்பு வந்துவிடும்.