நிரம்பிய கணக்கும் நின்றுபோன வாட்ஸ்அப் பேக்கப்பும்

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப் மூன்று வாரமாக நடக்கவில்லை, கூகுள் கணக்கில் இடமில்லை என்று வருகிறது. தினசரி என்று இருப்பதை வாராந்தரம் என்று மாற்றினால் இடம் மிச்சமாகுமா? வீடியோக்களை விட்டுவிடலாமா? இல்லை, பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வாராந்தரமாக மாற்றுவதால் இடம் மிச்சமாகாது. கூகுள் கணக்கில் உங்கள் எண்ணுக்கு இருப்பது ஒரே ஒரு பேக்கப்தான். ஒவ்வொரு முறையும் புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதே தவிர, முப்பது நாளில் முப்பது பிரதிகள் சேர்வதில்லை. கால இடைவெளி தீர்மானிப்பது வேறொன்றை: போன் திடீரெனத் தொலைந்தால் எத்தனை நாள் செய்திகள் போகும் என்பதை. ஆகவே வைஃபை இருக்கும் வீட்டில் தினசரியே நல்லது. மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு வாராந்தரம் போதும்.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் வீடியோதான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன. முன்பு கணக்கில் சேராமலிருந்த ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலேயே சேர்கிறது. உதாரணமாக, ஜிமெயிலும் போட்டோஸும் 9 ஜிபி எடுத்திருக்க, பேக்கப் 7 ஜிபி வந்தால், மொத்தம் 16 ஆகிவிடுகிறது. அந்த 7-இல் 5 ஜிபி வீடியோ என்றால், அதை விட்டதுமே மொத்தம் 11-க்கு இறங்கிவிடும். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்களுக்காகவா பணம் கட்டுவது?

வாட்ஸ்அப் அமைப்புகளில் Chats, பிறகு Chat backup என்று சென்று, "Include videos" என்பதை அணைத்துவிடுங்கள். அதற்கு முன் குழந்தையின் முதல் நடை, திருமணம் போன்ற வேண்டிய வீடியோக்களைக் கணினிக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுத்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகு அவை போனில் மட்டுமே இருக்கும். அடுத்து Storage and data பகுதியில் உள்ள "Manage storage" திரையில், 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை பகிரப்பட்டவையும் தனித்தனியே தெரியும். வேண்டாதவற்றை அழித்துவிட்டு, "Back up" பொத்தானை அழுத்துங்கள். மீண்டும் பேக்கப் எடுத்தால்தான் கணக்கிலுள்ள அளவு குறையும்.

இடம் பிடிப்பதற்காக டிரைவில் உள்ள பழைய வாட்ஸ்அப் பேக்கப்பை அழித்துவிடாதீர்கள். புதியது முடியும்வரை, மூன்று வாரம் பழையதானாலும், கணக்கில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிரதி அதுதான். ஜிமெயிலில் பெரிய இணைப்புகள் உள்ள மடல்களை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால் அதே இடம் கிடைக்கும். நீக்கியவை தொட்டியில் இருக்கும்வரை கணக்கில்தான் சேரும். கணக்கு முழுதும் நிரம்பிக் கிடந்தால் புது மடல்களும் வராமல் நின்றுவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லா வீடியோக்களும் வேண்டும், போட்டோஸும் பெருகிக்கொண்டே போகிறது என்றால் மட்டும் கூடுதல் இடத்தை வாங்குங்கள். எது செய்தாலும், மறுநாள் காலை அதே Chat backup திரையில் கடைசி பேக்கப்பின் தேதியையும் அளவையும் பாருங்கள். தேதி புதிதாகியிருந்தால் வேலை முடிந்தது; வீடியோக்களை விட்டிருந்தால் அளவும் இறங்கியிருக்கும்.