60 ஃபைவ் ஸ்டார், 3,000 ரூபாய்: வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: "ஈரோட்டில் சின்ன கேக் கடை வைத்திருக்கிறேன். கூகுள் மேப்பில் 23 ரிவ்யூ, 4.6 ஸ்டார். என் கணவரின் சித்தப்பா பையன், ரிவ்யூ விற்கிற ஏஜென்ட் ஒருவரைக் கூட்டி வந்தார். 3,000 ரூபாய் கொடுத்தால் நாலு நாளில் 60 ஃபைவ் ஸ்டார் வருமாம், இன்ஸ்டாகிராமுக்கு 5,000 ஃபாலோயர் இலவசமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. சொந்தக்காரர் கூட்டி வந்தவரிடம் எப்படி மறுப்பது?"

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அந்த 60-ம் அப்படியே நின்றால் உங்கள் 4.6 ஸ்டார் 4.9 ஆகும். 3,000 ரூபாய்க்குக் கிடைப்பது அந்த 0.3 மட்டும்தான். அதுவும் நிற்காது.

ரிவ்யூ போடுகிற கணக்குகளில் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். காலையில் பாட்னாவில் ஒரு பல் டாக்டருக்கு ஃபைவ் ஸ்டார், மதியம் ஜெய்ப்பூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு, சாயங்காலம் ஈரோட்டில் உங்கள் கேக்குக்கு. உங்களுக்கே தெரிகிற இது கூகுளுக்குத் தெரியாதா? கண்டுபிடித்தால் அந்த ரிவ்யூக்களை நீக்குவதோடு விடுவதில்லை. கொஞ்ச காலத்துக்குப் புது ரிவ்யூ வரவிடாமல் பூட்டலாம், இருக்கிற நல்ல ரிவ்யூக்களையும் மறைக்கலாம். 'இந்தக் கடையில் போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன' என்று உங்கள் பக்கத்திலேயே எச்சரிக்கையும் போடலாம். பிறந்தநாள் கேக் தேடி வருகிற அம்மா முதலில் படிப்பது அதைத்தான். உண்மையாகச் சாப்பிட்டு எழுதிய 23 பேரின் வார்த்தைக்கும் அப்புறம் மதிப்பிருக்காது.

இலவச ஃபாலோயர் இன்னும் மோசம். உங்கள் பதிவைப் பார்ப்பவர்கள் நின்று பார்க்கிறார்களா, பகிர்கிறார்களா என்பதை வைத்துத்தான் இன்ஸ்டாகிராம் அதை மேலும் பலருக்குக் காட்டுகிறது. கேக்கே வாங்காத 5,000 செத்த கணக்குகள் எதையும் தொடாது. இன்சைட்ஸில் ஊர்ப் பட்டியலைத் திறந்தால் ஈரோடு கீழே போய், நீங்கள் டெலிவரியே செய்யாத ஊர்கள் மேலே இருக்கும். பிறகு அந்த ஃபாலோயர்களைப் போன்ற ஆட்களைத் தேடி விளம்பரம் போட்டால், பணமும் அதே திசையில்தான் போகும்.

இந்த ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒன்று. ரிவ்யூ போடுகிற ஆட்களில் பலர், 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற டெலிகிராம் வலையில் விழுந்தவர்கள். முதலில் நாலு ரிவ்யூக்கு 150, 200 ரூபாய் கொடுத்து நம்பவைப்பார்கள், பிறகு பணம் கட்டச் சொல்லி உருவுவார்கள். உங்கள் கடை அந்தத் தூண்டிலின் புழு. இன்னொன்று, உங்கள் கூகுள் லாகினைக் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். கொடுத்தவர்கள் கடைப் பக்கத்தையே மீட்க அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"எதிர்க்கடைக்காரர் 400 போலி வைத்துக்கொண்டு ஜம்மென்று இருக்கிறாரே?" என்பீர்கள். உண்மைதான். புகார் கொடுத்தால் இயந்திரப் பதில் வருகிறது. விற்பவரே வாடிக்கையாளர் வேஷத்தில் ரிவ்யூ போடக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஆன்லைன் ரிவ்யூவுக்கே ஒரு தரநிர்ணயம் வந்தது, அதையும் விருப்பப்பட்டவர் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். யார் விருப்பப்படுவார்கள், சொல்லுங்கள்! ஆனால் மாட்டும்போது மாட்டுவது கடைக்காரர்தான், ஏஜென்ட் சிம்மை மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

அப்படியானால் ரிவ்யூவே கேட்கக்கூடாதா? கேட்கலாம், தாராளமாக. கேக் பெட்டியில் கியூஆர் கோடு ஒட்டுங்கள், டெலிவரிக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புங்கள். ஆனால் இங்கேதான் நல்லவர்களும் வழுக்குகிறார்கள். 'ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி', 'ஒரு கப்கேக் இலவசம்' இரண்டுமே கூகுளில் தடை. 'நல்லா இருந்தால் மட்டும் போடுங்க' என்று பொறுக்கி எடுப்பதும் கூடாது. கணவர், கடையில் வேலை செய்கிற பெண், சித்தப்பா பையன் யாரும் போடக்கூடாது. சித்தப்பா பையன் காசு கொடுத்து கேக் வாங்கியிருந்தாலுமா என்றால், ஆமாம், அவரையும் விட்டுவிடுங்கள், அவர் உங்கள் வீட்டு ஆள். வாங்கிய எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள், பதிலுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

இனி மறுப்பது. 'யோசிச்சு சொல்றேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வாரம் மூன்று போன் வரும். காரணத்தை ஏஜென்ட்டின் மேல் போடாமல் உங்கள் கடையின் மேல் போடுங்கள். சொந்தக்காரருக்கும் சங்கடம் இருக்காது. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

"அண்ணா, நேர்ல வந்து சொன்னதுக்கு நன்றி. காசு கொடுத்து ரிவ்யூ, ஃபாலோயர் எடுக்கறதில்லைன்னு கடையில முடிவு பண்ணிருக்கோம். அது மாறாது, அதனால இனி உங்க நேரத்தை வீணாக்க வேணாம். உங்க வீட்டு விசேஷத்துக்கு கேக் வேணும்னா சொல்லுங்க."

கொழுந்தனாரிடம் முதலில் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள், அப்புறம் இதை அனுப்புங்கள். அவர் காதுக்கு ஏஜென்ட் மூலமாகப் போனால்தான் வருத்தம் வரும்.

மறுத்த மறுவாரம் திடீரென ஒன் ஸ்டார்கள் வரிசையாக விழுந்து, 'எடுத்துத் தர 2,000 ஆகும்' என்று செய்தி வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதமும் வரும். செய்தி, நம்பர், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொரு ரிவ்யூவையும் கூகுளில் ரிப்போர்ட் செய்யுங்கள், cybercrime.gov.in-ல் மிரட்டல் புகாரும் போடுங்கள். நீக்க நாள் பிடிக்கும். அதுவரை ஒவ்வொன்றின் கீழும், 'இந்தப் பெயரில் எங்களிடம் ஆர்டர் இல்லை, பில் நம்பர் இருந்தால் தெரிவியுங்கள்' என்று ஒரே வரி எழுதி வையுங்கள்.