சுடோகு விடைக்கு முன் படத்தில் உள்ள எண்களைச் சரிபாருங்கள்

“நாளிதழில் வந்த சுடோகுவைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். ஆப்பில் ஸ்கேன் செய்தால் விடையே இல்லை என்கிறது. புதிரே தப்பா? விடை தர முடியுமா?” – வாசகி, தக்கலை

புதிர் சரிதான். ஆப் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறது. 7ஆம் வரிசையின் எட்டாவது கட்டத்தில் அச்சாகியிருப்பது 8. தாளின் மடிப்பு அதன் இடப்பக்கத்தை அழித்துவிட்டதால் ஆப்புக்கு அது 3ஆகத் தெரிந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் பட்டு வரும் தாளில் மடிப்போரம் மை சீக்கிரம் உரிந்துவிடும்.

படத்திலிருந்து எடுத்த எண்களை முதலில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். காலிக் கட்டத்துக்கு 0.

```
630050000
100496000
098000010
800010003
200803004
500070001
010000780
000249006
000080059
```

முதலில் எண்ணிப் பாருங்கள். இதில் 30 எண்கள் இருக்கின்றன. ஒரே விடை வர வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று 2012இல் கணினி மூலம் நிறுவியிருக்கிறார்கள். பல நாளிதழ்ப் புதிர்களில் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் எண்கள் அதே இடங்களில்தான் நிற்கும். இதிலும் அப்படித்தான், அதனால் எந்த எண்ணும் விடுபடவில்லை என்று நம்பலாம். ஆனால் எண் எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

அடுத்து, வரிசையிலோ நெடுவரிசையிலோ 3×3 பெட்டியிலோ ஒரே எண் இருமுறை வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. 8 இருந்த இடத்தில் 3ஐப் போட்டாலும் எங்கேயும் இரட்டிப்பு வராது. கோளாறு நடு நெடுவரிசையில்தான் வெளிப்படும். அதில் 5, 9, 1, 7, 4, 8 ஏற்கெனவே இருக்கின்றன. 5ஆம் வரிசையில் 2, 8, 3, 4 இருப்பதால் புதிரின் நட்டநடுக் கட்டத்துக்கு மிஞ்சுவது 6 மட்டுமே. 7ஆம் வரிசையின் நடுக் கட்டத்துக்கு அதன் பெட்டியிலிருக்கும் 2 ஆகாது, தப்பாகப் படித்த 3ம் ஆகாது, அங்கேயும் 6தான் மிஞ்சுகிறது. ஒரே நெடுவரிசையில் இரண்டு 6 வர முடியாதே!

முரண்பாடு வந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், எந்த எண் என்று தெரியாது. அந்த இரு கட்டங்களையும் நெருக்கும் எண்களில் படத்தில் மங்கலாக இருப்பதை 0 ஆக்கிப் பாருங்கள். இங்கே சந்தேக 3ஐ எடுத்ததும் 7ஆம் வரிசையின் நடுக் கட்டத்தில் 3 உட்கார்ந்துவிடுகிறது. அதனால் எட்டாவது கட்டத்தில் 3 இருக்கவே முடியாது. அரைகுறையாய் 3 போலத் தெரிய வாய்ப்புள்ள எண் 8. அதைப் போட்டுத் தீர்த்தால்:

```
632158947
157496328
498327615
869514273
271863594
543972861
914635782
785249136
326781459
```

சில சமயம் தப்பான எண்ணோடும் ஏதாவது ஒரு விடை வந்துவிடும், அப்போது ஆப் எச்சரிக்காது. ஆகவே தீர்க்கும் முன் வரிசைவாரியாக ஒருமுறையும் நெடுவரிசைவாரியாக ஒருமுறையும் தாளோடு ஒப்பிட்டுப் படியுங்கள். 3/8, 1/7, 5/6 ஜோடிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்த முறை தாளைத் தட்டையாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து படம் எடுங்கள்.