போலி ஆர்டர் போட்டவரின் ஐபி முகவரி என் தள லாகில் இருக்கிறது. தேடினால் சென்னையில் ஒரு தெருவை மேப்பில் காட்டுகிறது. நேரில் போய் ஆளைப் பிடிக்க முடியுமா?

போகாதீர்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கும் உங்கள் ஆர்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. அதிலும் ஆர்டர் போட்டவர் மொபைல் டேட்டாவில் வந்திருந்தால், அந்தத் தெரு மட்டுமல்ல, சென்னை என்பதே தப்பாக இருக்கலாம்.

சில வருடங்கள் ஒரு மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இதை வீட்டிலேயே தினமும் பார்க்கிறேன். தென்காசியில் இருக்கும் அம்மா, பேட்டரி தீர்ந்துவிடும் என்று போனில் லொகேஷனை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். ஆனி, ஆடியில் வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அவர் போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்தால் சென்னை வெயில் காட்டும். "இது என்னடா, எனக்கு எதுக்கு மெட்ராஸ் வெயிலு?" என்று கேட்பார். நீங்கள் கேட்டதற்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

லேண்ட்லைன் காலத்தில் 04633 என்று பார்த்தாலே தென்காசிப் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஐபி முகவரியில் அப்படி எஸ்டிடி கோடு எதுவும் கிடையாது. அது ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்ட எண் வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். அதை எந்த ஊரில் பயன்படுத்துவது என்பது அந்த நிறுவனத்தின் இஷ்டம். நீங்கள் தேடிய தளம் ஒரு தரவுத்தளத்தைப் பார்த்துச் சொல்கிறது. அந்த எண் வரிசை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, நிறுவனமே ஊர் வாரியாகப் பட்டியல் வெளியிட்டிருக்கிறதா, பல இடங்களிலிருந்து பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினால் எங்கிருந்து சீக்கிரம் பதில் வருகிறது என்பதையெல்லாம் சேர்த்து ஊகித்து வைத்திருப்பதுதான் அந்தத் தரவுத்தளம்.

வீட்டு பிராட்பேண்டுக்கு இந்த ஊகம் ஊர் அளவில் ஓரளவு தேறும். மொபைலில் ஏன் சறுக்குகிறது என்றால், அம்மாவின் போன் தென்காசி டவரோடு பேசினாலும் அந்த டவர் நேராக இணையத்துக்குள் போவதில்லை. அது தரவை ஒரு குழாய்க்குள் போட்டு, தூரத்தில் இருக்கும் பேக்கெட் கேட்வே என்ற இயந்திரத்துக்கு அனுப்புகிறது. ஒரு மாநிலத்துக்கு இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும், பெரும்பாலும் பெருநகரங்களில். வெளியுலகம் பார்க்கும் ஐபி அந்தக் கேட்வே இருக்கும் இடத்தில்தான் ஒட்டப்படுகிறது. அதனால் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாலும், இணையத்தைப் பொறுத்தவரை சென்னையில் இருக்கிறார். பொதிகை ரயிலில் ஏறி ராத்திரி முழுக்கப் பயணம் செய்தாலும் இணைப்பு அறுபடாத வரை ஐபி மாறாது. ரயில் கிளம்பும் முன்பே தரவுத்தளத்தின் கணக்கில் அவர் சென்னை வந்து சேர்ந்தாயிற்று.

பிங் நேரத்தை அளந்து கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கி.மீ. போகும். தென்காசிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் 550 கி.மீ. என்று வைத்தால், போய்த் திரும்ப ஐந்தாறு மில்லி விநாடிதான் வித்தியாசம். போனுக்கும் டவருக்கும் நடுவே உள்ள ரேடியோ பகுதியே 20, 30, நெரிசல் நேரத்தில் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அதுவும் ஒவ்வொரு முறையும் மாறும். அந்த இரைச்சலில் ஐந்து மில்லி விநாடியை எங்கே தேடுவது? அதைவிட, பகிரப்பட்ட முகவரிக்கு வெளியிலிருந்து அனுப்பும் பிங் பெரும்பாலும் போன் வரை போவதே இல்லை. நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும்.

"பகிரப்பட்ட" என்று சொன்னேன் அல்லவா, உங்களுக்கு முக்கியமான விஷயமே அதுதான். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆளுக்கு ஒன்று கொடுக்க வழியில்லை. அதனால் போனுக்கு உள்ளுக்குள் ஒரு தனி முகவரி கொடுப்பார்கள் (போன் செட்டிங்கில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் முகவரி தொடங்கினால் அது இந்த ரகம்). வெளியே போகும்போது பலரை ஒரே பொது முகவரியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு முகவரியில் இணைப்புகளைப் பிரித்தறிய 65,536 போர்ட் எண்கள் உண்டு. ஆளுக்கு 512 என்று பிரித்துக் கொடுத்தால், ஒரே நொடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதே ஐபியில் இருப்பார்கள். உங்கள் லாகில் இருப்பது அந்தக் கூட்டத்தின் முகவரி. ஐபிவி6 என்ற புது வகை என்றால் போனுக்குப் போன் தனி முகவரி கிடைக்கும்; ஆனால் இடம் அப்போதும் கேட்வேயின் இடம்தான்.

சரி, தெரு எங்கிருந்து வந்தது? தரவுத்தளத்துக்குத் தெரிந்தது "சென்னை" என்பது மட்டும். மேப்பில் குத்த ஒரு புள்ளி வேண்டுமே, அதனால் நகரின் நடுவில் எங்காவது ஒன்றை வைத்துவிடுவார்கள். அதோடு துல்லிய ஆரம் என்று ஒரு எண்ணும் வரும். 50 என்று இருந்தால், அந்தப் புள்ளியைச் சுற்றி 50 கி.மீ.க்குள் எங்கோ என்று பொருள். பல தளங்கள் இந்த எண்ணைக் காட்டாமல் ஊசியை மட்டும் குத்திவிடுகின்றன. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அமெரிக்காவில் இது ஒரு குடும்பத்தையே படுத்தி எடுத்தது. மேக்ஸ்மைண்ட் என்ற தரவுத்தள நிறுவனம், "அமெரிக்கா" என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கு நாட்டின் நடுப்புள்ளிக்கு ஓரளவு பக்கத்தில், முழு எண்ணாக 38, -97 என்று வைத்தது. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுப் பக்கம் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அங்கே சுட்டின. திருட்டு, மோசடி, காணாமல் போனவர் என்று எதற்கெடுத்தாலும் போலீசும் பாதிக்கப்பட்டவர்களும் வருடக்கணக்காக அந்த வாசலில் வந்து நின்றார்கள். 2016இல் செய்தி வெளியானபோதுதான் காரணம் தெரிந்தது. நிறுவனம் பிறகு அந்தப் புள்ளியை ஒரு நீர்நிலைக்குள் நகர்த்தியது. நீங்கள் ஆட்டோ பிடித்துப் போக நினைத்த தெருவும் இப்படிப்பட்ட ஒரு புள்ளிதான்.

ரோமிங் இன்னும் வேடிக்கை. இந்திய சிம்மோடு சிங்கப்பூர் போனவரின் தரவு வழக்கமாக இந்தியாவுக்கு வந்துதான் வெளியே போகும். ஆள் அங்கே, ஐபி இங்கே.

நீங்களே சோதிக்கலாம். வைஃபையை அணைத்து, பிரவுசருக்கு லொகேஷன் அனுமதி கொடுக்காமல் (கொடுத்தால் அது ஜிபிஎஸ், டவர் போன்றவற்றிலிருந்து வரும், ஐபியிலிருந்து அல்ல), மூன்று வெவ்வேறு தளங்களில் உங்கள் ஐபியைப் பாருங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்து, மறுபடி பாருங்கள். தளத்துக்கு ஒரு ஊர், முறைக்கு ஒரு ஐபி என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆளைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. ஐபி, நொடி வரை சரியான நேரம், போர்ட் எண் மூன்றும் இருந்தால் மொபைல் நிறுவனம் தன் பதிவேட்டில் சந்தாதாரரைத் தேட முடியும். அதைப் போலீஸ் கேட்டால்தான் கொடுப்பார்கள், உங்களுக்கோ எனக்கோ அல்ல. எந்த டவரில் இருந்தார் என்பதும் அங்கேதான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான தளங்களின் லாகில் போர்ட்டே இருக்காது. உங்கள் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால், அதன் கான்ஃபிகில் http பகுதிக்குள், பழைய access_log வரிக்குப் பதிலாக இன்றே இதைச் சேருங்கள்:

```
log_format withport '$time_iso8601 $remote_addr $remote_port "$request"';
access_log /var/log/nginx/access.log withport;
```

தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களைப் பரிமாறும் சிடிஎன் சேவை இருந்தால் இதில் விழுவது சிடிஎன்னின் ஐபியும் போர்ட்டும்தான். அதை அவர்கள் பக்கத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். புகாரில் நேரத்தை எழுதும்போது இந்திய நேரமா, உலகப் பொது நேரமான யுடிசியா என்று குறிப்பிடுங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பார்த்தால் அதே ஐபி, அதே போர்ட்டில் வேறொருவர் இருப்பார். புகாரை cybercrime.gov.in தளத்தில் கொடுக்கலாம்.

கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் என்றால், பழைய லாகோடு மல்லுக்கட்டுவதை விட, ஆர்டரை ஏற்கும் முன் அந்த மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்புங்கள்.