சிலிப் வேறு, சிஜில் வேறு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வியாழக்கிழமை மாலை மகனோடு என்னிடம் யோசனை கேட்க வந்தார். ஐ.எல்.பி.யில் மின்சாரம் படித்து எஸ்.கே.எம். மூன்றாம் நிலை முடித்த பையன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும். எஸ்.பி.எம். ஒரிஜினல் சிஜில் கொண்டுவரச் சொல்கிறார்கள், வீட்டில் தேடியும் காணோம். "இதுக்கு மேலே என்ன வேலை, தனியார் கல்லூரியில் டிகிரி சேர்த்துவிடு, பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கும்" என்கிறாராம் தாய்மாமன்.

அக்கா, ஒரு தாள் காணவில்லை என்பதற்காகக் கடனில் படிக்க வைப்பது எந்த ஊர்க் கணக்கு? கடனைக் கட்டப்போவது மாமன் இல்லை, பையன். அவனோ வயரிங் போர்டைப் பற்றிப் பேசும்போதுதான் வாயே திறக்கிறான்.

அவன் நீட்டிய பிளாஸ்டிக் உறையில் இருந்தது, முடிவு வந்த அன்று பள்ளியில் கொடுத்த சிலிப். மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. சிஜில் எடுக்கப் பள்ளிக்குப் போனாயா என்றேன். "அதான் கொடுத்துட்டாங்களே சார்" என்றான்.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சிலிப் முடிவைத் தெரிவிக்கும் தாள், அவ்வளவுதான். சிஜில் சில மாதம் கழித்துப் பள்ளிக்கு வரும், நாம்தான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இவன் அதற்குள் ஐ.எல்.பி. ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். ஆகவே அது தொலையவில்லை, பள்ளி அலுவலகத்தில் காத்திருக்கலாம். நாளை வெள்ளி, மதியம் தொழுகை இடைவேளை வரும். முதலில் போன் செய்துவிட்டு, மைகார்டும் சிலிப்பும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

வாங்கிய பிறகு தொலைத்திருந்தால்தான் சிக்கல். தேர்வு வாரியத்திடம் முடிவை உறுதிப்படுத்தும் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அது கைக்கு வரும் என்று நம்பி இருக்க முடியாது.

எதுவானாலும் இன்றைக்கே எச்.ஆருக்கு இமெயில் அனுப்பச் சொன்னேன். சிலிப்பின் நகலை இணைத்து, ஒரிஜினலை எந்தத் தேதிக்குள் காட்டுவான் என்று எழுதட்டும். பதிலையும் எழுத்தில் வாங்கட்டும். அவகாசம் தருவதும், சேரும் நாளைத் தள்ளிவைப்பதும், மறுப்பதும் அவர்கள் முடிவு; ஆஃபர் கடிதத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சொல்லாமல் போய் மேசைமுன் கையைப் பிசைவதுதான் மோசம்.

மற்றபடி மைகார்டு, சுராட் பெரானாக், எஸ்.கே.எம். சிஜில், பள்ளி விடுப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். அப்பா பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள், மாறியிருந்தால் எச்.ஆருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் நகலோடு ஒப்பிட்டுவிட்டு ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும். "இங்கேயே இருக்கட்டும்" என்றால் விட்டுவிட்டு வராதே தம்பி, அன்றே கையில் வாங்கிக்கொண்டு கிளம்பு.

வெள்ளி காலை பத்தரைக்கு அக்கா போன் செய்தார். சிஜில் பள்ளி அலுவலக அலமாரியில்தான் இருந்ததாம். மாமனிடம் இன்னும் சொல்லவில்லையாம்.