‘33 வருட அனுபவம்’ முதல் வரியில் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 33 வருடமாக இருக்கிறேன். கடைசி 11 வருடம் மேனேஜர். வரும் மார்ச்சில் 58 முடிந்து ஓய்வு. இனி முழு நேர வேலை வேண்டாம். வாரம் 2, 3 நாள் ஆலோசகராகவோ பகுதி நேரமாகவோ போக ஆசை. பெங்களூரில் இருக்கும் மகன் ரெஸ்யூமே செய்து தந்தான். நான்கு ஃபேக்டரிக்கு அனுப்பினேன். ஒருவர்தான் கூப்பிட்டார். அவரும் “சார், உங்களுக்குக் கொடுக்கிற அளவு எங்களிடம் சம்பளம் இல்லை” என்று வைத்துவிட்டார். நான் சம்பளமே கேட்கவில்லையே! ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன். மேலே உள்ள சுருக்கத்தில்தான் ஏதோ தப்பு என்கிறாள் என் மனைவி. சரியா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் வீட்டம்மா சொன்னது சரி. அந்தச் சுருக்கத்தை அப்படியே இங்கே எடுத்துப் போடுகிறேன்:

*“33 ஆண்டு கால பரந்த அனுபவமும் தலைமைப் பண்பும் கொண்ட தேயிலைத் துறை வல்லுநர். உற்பத்தி, தரம், நிர்வாகம், தொழிலாளர் நலன் அனைத்திலும் தேர்ச்சி பெற்றவர். தன் திறமையை முழுமையாகப் பயன்படுத்தக்கூடிய சவாலான பொறுப்பை எதிர்நோக்குகிறார்.”*

உங்கள் மகன் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இது வேலை தேடும் 35 வயதுக்காரருக்கான அச்சு. இதைப் படிக்கிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரியின் முதலாளி. அவரிடம் ஏற்கெனவே ஒரு மேனேஜர் இருக்கிறார். ‘33 ஆண்டு’, ‘தலைமைப் பண்பு’, ‘சவாலான பொறுப்பு’ என்று மூன்றையும் அடுத்தடுத்துப் படித்ததும், முழு நேர மேனேஜர் பதவி கேட்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பங்களா, கார், மாதச் சம்பளம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். உங்களுக்கு வந்த ஃபோன் அதைத்தான் சொல்கிறது. வாரம் இரண்டு நாள்தான் வருவீர்கள் என்பது உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு வரியில்கூட இல்லை. அவருக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே ஆலோசகருக்கான சுருக்கம் மூன்று விஷயங்களை இந்த வரிசையில் சொல்ல வேண்டும்: நீங்கள் எந்தக் கோளாறைச் சரிசெய்கிறவர், அதைச் சரிசெய்ததற்கு என்ன சாட்சி, எத்தனை நாள் எந்த ஏற்பாட்டில் வருவீர்கள். வருடக் கணக்கு இதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

முதல் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “எனக்கு எல்லாமே தெரியும், ஒன்றை மட்டும் எப்படிச் சொல்வது” என்று கேட்கிறார்கள். எல்லாம் தெரிந்தவரை முதலாளி மேனேஜராக வைத்துக்கொள்வார். ஆலோசகரைக் கூப்பிடுவது ஏதோ ஒன்று கையைக் கடிக்கும்போதுதான். உங்களுக்கு அந்த ஒன்று எது? அதற்கான விடை உங்கள் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மூன்று சாதனைகளை எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரு முதலாளியின் கண்ணோடு பார்ப்போம்.

ஒன்று, உங்கள் காலத்தில் தூளின் சராசரி விலை 40 சதவீதம் ஏறியது என்பது. இதைச் சுருக்கத்தில் வைக்காதீர்கள். 11 வருடத்தில் சந்தையே எங்கோ போயிருக்கும். அந்த ஏற்றத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று இந்த எண்ணிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. குன்னூர் ஏலத்தில் வாராவாரம் சராசரி விலை வருகிறது. அந்தச் சராசரிக்கும் உங்கள் தூள் போன விலைக்கும் இருந்த இடைவெளியைச் சொன்னால் அது பேசும். உதாரணத்துக்கு, நீங்கள் பொறுப்பேற்றபோது சராசரிக்கு 4 ரூபாய் கீழே போன தூள் இப்போது 6 ரூபாய் மேலே போகிறது என்றால், அந்த 10 ரூபாய் சந்தை தந்தது அல்ல, ஃபேக்டரிக்குள் சம்பாதித்தது. பழைய விற்பனைக் கணக்கு கையில் இருந்தால் பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு, 100 கிலோ பச்சை இலைக்கு 21.5 கிலோவாக இருந்த தூள் 23 கிலோ ஆனது என்பது. வெளியாருக்கு இது பெரிய வெற்றியாகத் தெரியும். இலை அரைக்கிறவருக்கு உடனே சந்தேகம் வரும். முற்றிய இலையில் ஈரம் குறைவு, அதனால் கரட்டு இலை அதிகமாக வாங்கினாலே இந்த எண் ஏறிவிடும், தரம் இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் இலைமேல் தண்ணீரோடு எடை போட்டால் எண் இறங்கும், அதில் உங்கள் தப்பு எதுவும் இராது. நல்ல கொழுந்து சதவீதம் அப்படியே இருந்ததா, ஐப்பசி மழை மாதத்தை முந்தைய வருடத்து அதே மாதத்தோடுதான் ஒப்பிட்டீர்களா என்று கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். நேரில் பேசும்போது சொல்லலாம். விளக்கம் தேவைப்படும் எண்ணுக்குச் சுருக்கத்தில் இடம் இல்லை.

மூன்றாவதைத்தான் பக்கத்தின் அடியில், அதுவும் ‘இதர’ என்ற தலைப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்: ஒரு கிலோ தூளுக்கு 1.9 கிலோ விறகு எரிந்தது 1.5 கிலோவாகக் குறைந்தது. ஐயா, இதுதான் உங்கள் சொத்து! உங்கள் ஃபேக்டரி வருடத்துக்கு 8 லட்சம் கிலோ தூள் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிலோவுக்கு 400 கிராம் மிச்சம் என்றால் வருடத்துக்கு 320 டன் விறகு. படிக்கிற முதலாளி தான் விறகுக்குக் கொடுக்கும் விலையால் அதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்வார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் மாறாது. தூக்குச் சீட்டும் உற்பத்திப் புத்தகமும் இருக்கிற எந்த ஃபேக்டரியிலும் சரிபார்க்கலாம்.

எப்படிச் செய்தீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். வெட்டி வந்த ஈரத்தோடு விறகை அடுப்பில் போட்டால், அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். நீங்கள் மழைக்கு முன்பே வாங்கி, பிளந்து, கூரைக்கு அடியில் மூன்று மாதம் காயவிட்ட பிறகே எரித்திருக்கிறீர்கள். வாட்டல் தொட்டிகளில் இலை ஒரே சீராக வாடும்படி பார்த்துக்கொண்டதால் டிரையர் தள்ள வேண்டிய தண்ணீரும் குறைந்திருக்கிறது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. முதலாளியின் காதில் தேனாகப் பாயும் செய்தி அதுதான், சுருக்கத்தில் அது அவசியம் வர வேண்டும்.

இப்போது திருத்திய சுருக்கம்:

*“சி.டி.சி. தேயிலை ஃபேக்டரிகளில் விறகுச் செலவையும் வாட்டல், டிரையர் கோளாறுகளையும் குறைத்துத் தரும் ஆலோசகர். ஆண்டுக்கு 8 லட்சம் கிலோ தூள் செய்யும் கோத்தகிரி வட்டார ஃபேக்டரியில், புது இயந்திரம் வாங்காமல், கிலோ தூளுக்கு 1.9 கிலோவாக இருந்த விறகை 1.5 கிலோவாகக் குறைத்தவர். ஏப்ரல் முதல், வாரத்துக்கு 2 நாள். இருக்கிற மேனேஜர், டீ மேக்கரோடு சேர்ந்து மூன்று மாத ஏற்பாடாக, வருகைக் கட்டணத்தில். மேனேஜராக 11 ஆண்டு, ஃபேக்டரிப் பணியில் மொத்தம் 33 ஆண்டு.”*

‘இருக்கிற மேனேஜரோடு சேர்ந்து’ என்பதை நான் வேண்டுமென்றே வைத்தேன். உங்கள் தாள் முதலாளியின் மேஜைக்குப் போகும் முன் அந்த மேனேஜர் கையைத்தான் தாண்டும். தன் நாற்காலிக்கு ஆள் வருகிறது என்று அவர் நினைத்தால் அது அங்கேயே நின்றுவிடும். ‘மூன்று மாதம்’ என்பது முதலாளிக்காக. பிடிக்காவிட்டால் முடித்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் அவர் துணிந்து ‘சரி’ சொல்வார். கட்டணம் எவ்வளவு என்பதைச் சுருக்கத்தில் போடாதீர்கள். எந்த வகைக் கட்டணம் என்று சொன்னால் மாதச் சம்பளப் பயம் போய்விடும், அது போதும்.

பகுதி நேர வேலைக்கு இதே பத்தியை அனுப்பக் கூடாது. அங்கே முதலாளி தேடுவது கோளாறு தீர்ப்பவரை அல்ல, காலியாக இருக்கும் ஒரு வேளையை நிரப்புகிறவரை. “இலை அதிகம் வரும் மாதங்களில் இரவு ஷிப்ட் மேற்பார்வை, அல்லது ஃபேக்டரி ஆபீசர் விடுப்பில் இருக்கும்போது மாற்று, வாரம் 3 நாள்” என்று வேலையும் நேரமும் முதல் வரியில் வரட்டும், விறகுக் கணக்கு இரண்டாம் வரிக்குப் போகட்டும். ‘மேனேஜர்’ என்ற சொல் இதில் கடைசியில் வந்தால் நல்லது. இரண்டு நோக்கத்தையும் ஒரே பத்தியில் கலந்தால் இரண்டு பேருமே உங்களை விட்டுவிடுவார்கள்.

வயதை மறைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிறந்த தேதி சுருக்கத்தில் வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், மலையில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். ‘உடல்நலம் நன்று’ என்ற வரியை எடுத்துவிடுங்கள், அது இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும். அதற்குப் பதிலாக எங்கெல்லாம் போவீர்கள் என்று எழுதுங்கள்: “கோத்தகிரி, குன்னூர், குந்தா பகுதி. கூடலூர், பந்தலூர் என்றால் இரண்டு நாள் தங்கி.” ஊட்டி வழியாகக் கூடலூருக்கு 80 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்குத் தயார் என்கிறவரின் உடம்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மார்ச் வரை நீங்கள் இன்னொருவரின் ஊழியர். வேலை நியமனக் கடிதத்தை எடுத்து, வெளி வேலை, ரகசியம் பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். மேலே நான் எழுதிய பத்தியில் ஃபேக்டரியின் பெயர் இல்லாததும், ‘ஏப்ரல் முதல்’ என்று இருப்பதும் இதற்காகத்தான். விறகுக் கணக்கை வெளியே சொல்லலாமா என்று உங்கள் முதலாளியிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள். 33 வருடம் இருந்தவருக்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார், நாளை யாராவது அவரை ஃபோனில் கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லவும் ஆள் இருக்கும். யாருக்குத் தூள் விற்றீர்கள், எந்த விவசாயி இலை தருகிறார் என்ற விவரம் மட்டும் எங்கேயும் வரக் கூடாது.

முதலாளிகளுக்கு இந்தப் பத்தியைத் தமிழிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஃபோன் திரையில் ஸ்க்ரோல் செய்யாமல் முழுவதும் தெரிகிறதா என்று முதலில் உங்கள் மனைவிக்கு அனுப்பிப் பாருங்கள். பெரிய எஸ்டேட் கம்பெனி கேட்டால் இதே வரிசையில் ஆங்கிலத்தில். கீழே கொடுத்திருக்கும் கைபேசி எண் கம்பெனி தந்த சிம் என்று நினைக்கிறேன், மெயிலும் கம்பெனி முகவரி. ஏப்ரல் முதல் தேதி இரண்டும் உங்களிடம் இருக்காது. இன்றே சொந்த எண்ணுக்கு மாற்றிவிட்டு, ஏற்கெனவே அனுப்பிய நான்கு பேருக்கும் புதிய தாளை மறுபடி அனுப்புங்கள். சம்பளம் இல்லை என்று சொன்னவருக்கு முதலில்.