அவள் யோசனை கேட்பது காதலுக்கான அறிகுறியா?

"எனக்குப் பிடித்த பெண், அவள் பழகும் பையனைப் பற்றி தினமும் என்னிடம்தான் யோசனை கேட்கிறாள். இதற்கு என்ன அர்த்தம்?"

நண்பரே, அவளுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, அது நிச்சயம். ஆனால் மனதுக்குப் பிடித்தவரிடம் பொதுவாக யாரும் தன் அழுமூஞ்சியை இவ்வளவு தாராளமாகக் காட்டமாட்டார்கள். அவர் என்ன நினைப்பாரோ என்ற சின்னப் பதற்றம் இருக்கும். அவளிடம் அது இல்லையென்றால், இப்போதைக்கு நீங்கள் அவளுக்குத் தோழன்தான்.

அவளும் அந்தப் பையனும் சமாதானமாக இருக்கும் வாரத்தைக் கவனியுங்கள். அப்போதும் "சாப்பிட்டியா, இன்டர்வியூ என்னாச்சு?" என்று உங்களைப் பற்றிக் கேட்கிறாளா? சண்டை வந்தால் மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் வருகிறது என்றால், பதில் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. அவன் பதில் போட ஒரு மணி நேரம் தாமதித்ததற்கே "அவன் சரியில்லை, விட்டுடு" என்று சொல்லத் தோன்றுகிறதா? அது அவளுக்கான யோசனை இல்லை, உங்கள் ஆசை. அடுத்த முறை கேட்டால், "எனக்கு உன்னைப் பிடிக்கும், அதனால் இதில் நடுநிலையாகப் பேச முடியவில்லை" என்று நேரில் சொல்லிவிடுங்கள். அவள் அழுதுகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.